கார் நிறுத்த ஓர் இடம் வாடகைக்கு எடுப்பது எப்படி? வீட்டு வாடகையிலிருந்து இது எங்கெல்லாம் மாறுகிறது?

தர்மபுரி குமாரசாமிப்பேட்டை போன்ற பழைய தெருக்களில் வீடு கிடைத்துவிடும், கார் நிறுத்த இடம் கிடைக்காது. கிருஷ்ணகிரி பழையபேட்டையிலும் இதே கதைதான். அதனால் வீடு ஒரு தெருவில், காருக்கு இடம் இரண்டு தெரு தள்ளி என்று அமைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இடம் கொடுப்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்தவராக இருப்பார். "ஓரமா நிறுத்திக்கங்க, மாசம் ஏதோ குடுங்க" என்று வாய்வார்த்தையில் முடிந்துவிடும். அவர் வீட்டை விற்கும் நாளில்தான், அல்லது காரில் கீறல் விழும் நாளில்தான், பேசாமல் விட்டது என்னவென்று தெரியவரும்.

வீட்டு வாடகை ஒப்பந்தத்தை எடுத்து "வீடு" என்ற இடத்தில் "கார் ஷெட்" என்று மாற்றிக்கொள்வது பலர் செய்யும் தவறு. இரண்டும் சட்டத்தில் ஒன்றல்ல. நிறுத்தும் இடத்துக்குள்ளேயே மூன்று வகை இருக்கிறது. எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: பூட்டின் சாவி யாரிடம்?

சாவியை வைத்து வகை பிரிப்பது

முதல் வகை, வீட்டுக்காரரின் கேட்டுக்குள் போர்டிகோவிலோ காலி ஓரத்திலோ நிறுத்துவது. கேட் அவருடையது, பூட்டும் அவருடையது, அந்த இடத்தில் அவர் வீட்டாரும் நடமாடுவார்கள். இது சட்டத்தில் குத்தகை ஆகாது, வெறும் அனுமதி. 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைத்தான் உரிமம் என்கிறது. இடத்தின் மீது உங்களுக்கு எந்த உரிமையும் வராது. அங்கே வண்டி நிறுத்துவது அத்துமீறல் ஆகாது, அவ்வளவுதான்.

இரண்டாம் வகை, தெருவைப் பார்த்து ஷட்டர் போட்ட தனி ஷெட். பூட்டு உங்களுடையது, உங்களைக் கேட்காமல் உரிமையாளர் உள்ளே வர முடியாது. அந்த இடத்தின் முழு அனுபவமும் உங்கள் கையில் இருப்பதால் இது குத்தகை. அதே 1882-இல் வந்த சொத்து மாற்றுச் சட்டம் இதற்குப் பொருந்தும். நம் ஊரில் "லீஸ்" என்றால் மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கும் போக்கியம் என்று புரிந்துகொள்வார்கள். இங்கே சொல்வது அதுவல்ல. மாத வாடகைக்கு விட்டாலும் சட்டத்தின் பார்வையில் குத்தகைதான்.

மூன்றாம் வகை, காவலாள் இருக்கும் மனையில் வண்டிச் சாவியையே கொடுத்துவிட்டு வருவது. அவர் வண்டியை முன்னே பின்னே நகர்த்தி அடுக்குவார். இதில் நீங்கள் இடத்தை வாடகைக்கு எடுக்கவில்லை, பொருளை ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 148, 151-ஆம் பிரிவுகள்படி, தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகி எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ளும் கடமை அவருக்கு வந்துவிடுகிறது. 1998-இல் தில்லி நட்சத்திர ஓட்டல் ஒன்றில் சாவியைக் கொடுத்து நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், "உரிமையாளர் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சடித்துவிட்டால் மட்டும் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. எனவே இடம் விடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மாதம் ஆயிரம் ரூபாய்க்கு இடம் விட்டுவிட்டு, "எதுக்கும் சாவி வீட்லயே இருக்கட்டும்" என்று வாங்கி வைத்தால் பல லட்ச ரூபாய் வண்டிக்குப் பொறுப்பை ஏற்றதாகிவிடும்.

வண்டி வைத்திருப்பவரும் உபரிச் சாவியைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. திருட்டுக்குக் காப்பீடு கோரும்போது நிறுவனங்கள் இரண்டு சாவிகளையும் கேட்கும். ஒன்று எங்கே என்று சொல்ல முடியாமல் நின்றால் கோரிக்கை அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

தாளின் தலைப்பில் "உரிம ஒப்பந்தம்" என்று எழுதினாலே அது உரிமம் ஆகிவிடாது. பெயரைவிட உள்ளடக்கமே முக்கியம், முழு அனுபவம் யாரிடம் என்பதைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959-லேயே சொல்லிவிட்டது. ஷட்டரையும் சாவியையும் முழுதாகக் கொடுத்துவிட்டு, தலைப்பில் மட்டும் உரிமம் என்று போட்டுப் பயனில்லை.

அளப்பது: வண்டியை வைத்து, வார்த்தையை வைத்து அல்ல

ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்பது தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் உள்ள அளவு. அடிக்கணக்கில் ஏறக்குறைய 8 அடி 2 அங்குலத்துக்கு 16 அடி 5 அங்குலம். சின்னக் காருக்கு இது தாராளம், பெரிய வண்டிக்கு இறுக்கம்.

ஓர் இன்னோவா கிரிஸ்டாவை எடுத்துக்கொள்வோம். நீளம் 4.735 மீட்டர், அதாவது சுமார் 15 அடி 6 அங்குலம். அகலம் கண்ணாடிகளைச் சேர்க்காமல் 1.83 மீட்டர், சரியாக 6 அடி. உயரம் 5 அடி 11 அங்குலம். பார்க்கும் ஷெட்டின் உள்நீளம் 17 அடி, உள்அகலம் 9 அடி, ஷட்டர் வாய் 8 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் வண்டி நுழைந்துவிடும். ஆனால் பின்னால் ஒன்றரை அடிதான் மிஞ்சும், டிக்கிக் கதவை உள்ளே தூக்க முடியாது. பக்கவாட்டில் மொத்தம் மூன்றடி மிஞ்சுகிறது. அதை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்தால் ஒன்றரை அடிக் கதவு இடுக்கில் தினமும் உடம்பை நுழைத்து இறங்க வேண்டும். இடப்பக்கச் சுவரிலிருந்து அரை அடி விட்டு ஒட்டி நிறுத்தினால் ஓட்டுநர் பக்கம் இரண்டரை அடி கிடைக்கும். ரிவர்ஸில் ஏற்றுகிறவர்களுக்குப் பக்கம் மாறிவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

உயரத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஷட்டர் முழுதாகச் சுருண்ட பிறகு மேலே உருளை எவ்வளவு தொங்குகிறது என்று பார்த்து, அதன் அடிவிளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். வண்டி மேல் கேரியர் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். அதோடு, சாலையை மேல்மேலாகப் போட்டு உயர்த்தியிருக்கும் தெருக்களில் ஷெட் தரை சாலையைவிடத் தாழ்ந்திருக்கும். வண்டி சரிவில் இறங்கும்போது அதன் பின்பகுதி தூக்கிக்கொண்டு நிற்கும், அந்தக் கணத்தில்தான் கூரை உரசும். மழைநீரும் அதே சரிவில்தான் உள்ளே வரும்.

டேப் எதைச் சொன்னாலும் வண்டியை ஒருமுறை உள்ளே ஏற்றி இறக்கிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். பத்தடிச் சந்தில் செங்குத்தாகத் திரும்பி எட்டடி வாய்க்குள் நுழைவது கிரிஸ்டாவால் ஒரே மூச்சில் முடியாது. எதிர்வீட்டுப் படியும் பைக்கும் இருக்கும் மாலை நேரத்தில்தான் சோதிக்க வேண்டும்.

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

இதைக் கேட்காமல் விடுகிறவர்களே அதிகம். நம் பக்கத்து வீடுகளில் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியோ செப்டிக் டேங்கோ பெரும்பாலும் போர்டிகோவுக்கு அடியிலோ முன்வாசலிலோதான் இருக்கும். மேலே டைல்ஸ் ஒட்டி மறைந்திருக்கும். ஆள் நடக்கப் போட்ட மூடி வேறு, வண்டி ஏறப் போட்ட மூடி வேறு. ஆட்களோடு சேர்த்து இரண்டு டன் எடையுள்ள வண்டி என்றால் ஒரு சக்கரத்தின் கீழ் சுமார் 500 கிலோ, அதுவும் உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில் இறங்குகிறது.

கையில் ஒரு சிறு கல்லை எடுத்து, சக்கரம் போகும் இரண்டு தடங்களிலும் அடிக்கொரு முறை தட்டிக்கொண்டே போங்கள். கெட்டித் தரை என்றால் மந்தமான சத்தம் வரும். உள்ளே வெற்றிடம் இருந்தால் பானையைத் தட்டியதுபோல ஒலி எழும்பும். மூடியைச் சுற்றி மயிரிழை விரிசலோ, சிமெண்ட் பூச்சு வட்டமாக எழும்பியிருப்பதோ தெரிந்தால் அது ஏற்கெனவே பளுவில் வளைந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட மூடி சக்கரத் தடத்தில் வந்தால் அந்த இடம் வேண்டாம். தடத்துக்கு வெளியே வந்தால், அது எங்கே இருக்கிறது என்பதையும் அதன் மேல் வண்டி ஏற்றுவதில்லை என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். மூடி உடைந்தால் யார் செலவு என்ற சண்டை அங்கேயே தீரும்.

ஷெட்டுக்கு முன்னால் சாக்கடை மேல் போட்டிருக்கும் கல்லுக்கும் இதே சோதனை வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் திறந்த தோப்பு மனையில் நிறுத்துகிறவர்கள் மேலேயும் பார்க்க வேண்டும். காய்ப்புக் காலத்தில் மாமரத்தடி நிழல் இதமாக இருக்கும், ஆனால் மாம்பால் பெயிண்டில் விழுந்து வெயிலில் காய்ந்தால் தழும்பு போகாது.

விதிகள் எங்கே பிரிகின்றன?

வீட்டு வாடகைக்கு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் இடம் என்றால் கட்டடம் அல்லது கட்டடத்தின் பகுதி. அந்தக் கட்டடத்தைச் சேர்ந்த தோட்டமும் கார் ஷெட்டும் அதற்குள் வந்துவிடும். ஆகவே நீங்கள் குடியிருக்கும் வீட்டோடு சேர்ந்த ஷெட் என்றால், வீட்டுக்குள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. அப்படி ஒரே உரிமையாளரிடம் இரண்டும் கிடைத்தால் தனித்தனித் தாள் போடாமல், வீட்டு ஒப்பந்தத்திலேயே "ஷெட் உட்பட" என்று எழுதிக்கொள்வது குடியிருப்பவருக்கு நல்லது.

காலி மனையை மட்டும் வண்டி நிறுத்த எடுத்தால் அது கட்டடமே இல்லை. போர்டிகோ ஓரத்தில் கிடைப்பது வெறும் அனுமதி. தனியாக விட்ட ஷட்டர் ஷெட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்பதில் இரு பக்கமும் வாதிட இடமுண்டு. குடியிருக்கவோ கடை வைக்கவோ விடாமல், வண்டி நிறுத்த மட்டுமே விட்டது என்று உரிமையாளர் சொல்லலாம். அதனால் சட்டம் காப்பாற்றும் என்று நம்பி இருக்காமல், வேண்டியதைத் தாளில் எழுதி வாங்க வேண்டும்.

வேறுபாடு முதலில் தெரிவது காலி செய்யச் சொல்லும்போது. வீட்டிலிருந்து ஒருவரை வெளியேற்ற, சட்டம் சொல்லும் காரணம் ஒன்றைக் காட்டி வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வெற்று மனை மாதக் குத்தகையில் வேறு ஏற்பாடு எழுதாதிருந்தால், சொத்து மாற்றுச் சட்டம் 106-ஆம் பிரிவுப்படி 15 நாள் நோட்டீஸ் போதும், காரணம் தேவையில்லை. அனுமதி என்றால் இன்னும் மெல்லியது. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், வண்டியை எடுத்துக்கொண்டு போக நியாயமான அவகாசம் மட்டும் தர வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு, காலம் முடியும் முன்பே உங்கள் தவறு எதுவுமின்றி வெளியேற்றினால் நஷ்டஈடு கேட்கலாம் என்று வசதியுரிமைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இடத்தில் தொடர்ந்து இருக்க அது வழிவிடாது.

இரண்டாவது, உரிமையாளர் வீட்டை விற்றுவிட்டால். குத்தகை, வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். அனுமதி கட்டுப்படுத்தாது. வசதியுரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவுப்படி புதிய உரிமையாளர் "எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லிவிடலாம். நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் பழையவரிடம் இருக்கும், கேட் சாவி புதியவரிடம் இருக்கும். போர்டிகோ இடத்துக்குப் பெரிய அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான், ஒரு மாத வாடகை போதும்.

மூன்றாவது, இடம் விடுபவர் கவனிக்க வேண்டியது. அனுமதி பெற்றவர் அதை நம்பித் தன் செலவில் நிலையான கட்டுமானம் செய்துவிட்டால், அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவுப்படி அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். "வெயில் படுதுங்க, நானே ஷீட் போட்டுக்கறேன்" என்று கேட்டால், நாற்பதாயிரம் மிச்சம் என்று தலையாட்டிவிடாதீர்கள். போல்ட் கழற்றி எடுத்துப் போகக்கூடிய கூரையா, காங்கிரீட் தளமா என்று பிரித்து எழுதி, கழற்றக்கூடியதை மட்டும் அனுமதியுங்கள்.

வரியிலும் சின்ன மாற்றங்கள் உண்டு. வெற்று மனை வாடகை வருமான வரியில் வீட்டுச் சொத்து வருமானம் ஆகாது, இதர வருமானம். வீட்டு வாடகைக்குக் கிடைக்கும் 30 சதவீதக் கழிவு அதற்குக் கிடையாது. சம்பளக்காரர் ஷெட் வாடகை ரசீதைக் காட்டி வீட்டு வாடகைப்படி விலக்குக் கேட்க முடியாது. ஜிஎஸ்டி, உரிமையாளரோ வாடகைக்கு எடுப்பவரோ ஏற்கெனவே பதிவு செய்தவராக இருந்தால்தான் வரும்.

தாளில் எழுத வேண்டியது

பதினோரு மாதத்துக்கு எழுதுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். இரண்டு பக்கம் போதும். ஆனால் வீட்டு ஒப்பந்தத்தில் வராத சில வரிகள் இதில் கட்டாயம் வேண்டும். இந்த மாதிரியை உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம்:

> "வீட்டின் வடக்கு ஓரத்தில், சுவரிலிருந்து 8½ அடி அகலமும் 17 அடி நீளமும் வெள்ளைக் கோடிட்ட இடத்தில், TN 29 என்று தொடங்கும் … எண் கொண்ட கார் ஒன்றை மட்டும் நிறுத்த அனுமதி. வண்டி மாறினால் புதிய ஆர்.சி. நகல் தர வேண்டும். வேறு ஒருவர் வண்டிக்கு விடக்கூடாது. கேட் சாவி ஒன்று தரப்பட்டது. எந்நேரமும் எடுக்கலாம், வைக்கலாம். அந்த இடத்துக்கும் கேட்டுக்கும் இடையில் வேறு வண்டி நிறுத்தப்படாது. வீட்டு விசேஷத்துக்கு ஆண்டில் 4 நாள், 7 நாள் முன்கூட்டிச் சொல்லி இடத்தைக் கேட்கலாம். இரு தரப்பும் 30 நாள் எழுத்து நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம்."

வண்டி எண்ணை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எண் இல்லாமல் "ஒரு வாகனம்" என்று விட்டால் காருக்குக் கொடுத்த இடத்தில் ஆறு மாதத்தில் டாடா ஏஸ் சரக்கோடு நிற்கும். ஆர்.சி. நகல் உரிமையாளருக்கும் தற்காப்பு, யாருடைய வண்டி தன் வளாகத்தில் நிற்கிறது என்று போலீஸ் கேட்டால் காட்டலாம்.

நேரம் பற்றிய வரியை எழுத வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். அதிகாலை நான்கு மணிக்கு பெங்களூரு கிளம்புகிறவருக்கு இதுதான் உயிர்நாடி. ராத்திரி பத்துக்கு மேல் கேட் சத்தம் கூடாது என்று அவர் நினைத்தால் முதல் நாளே சொல்லிவிடட்டும், வாடகையைக் குறைத்துப் பேசலாம். குமாரசாமிப்பேட்டையில் தைப்பூசத் தேர் ஓடும் நாட்களில் தெருவே அடைபடும். அது யார் தவறும் அல்ல என்று எழுதிவிட்டால் வாடகைக் கழிவு வாதம் எழாது.

மின்சார வண்டி என்றால் தனி உப மீட்டர் வேண்டும். நம் ஊர் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கில், அடுக்கு அடுக்காக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் சலுகையும் குறைந்துவிடும். மின்ஸ்கூட்டர் ஒரு சார்ஜுக்கு மூன்று யூனிட் அளவில்தான் இழுக்கும், சின்னக் கார் முப்பது யூனிட் வரை. மாதம் எட்டு முறை சார்ஜ் செய்தால் இரண்டு மாதத்தில் 480 யூனிட், வீட்டுக்காரரின் சொந்த உபயோகம் அதன் மேல். சராசரி விலையைக் கேட்டால் அவர் நஷ்டப்படுவார். பில்லின் மேல் அடுக்கு விலையில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று எழுதுவதே நியாயம். பழைய போர்டிகோ பிளக்கில் கார் சார்ஜரைச் சொருக வேண்டாம், எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி ஒயரும் எர்த்தும் இழுத்த பிறகுதான்.

வாடகை பாக்கியும் கணக்கு முடிப்பதும்

பாக்கி விழுந்தால் வண்டியைப் பூட்டி வைப்பது உரிமையாளருக்கு வரும் முதல் யோசனை. அது கூடாது. வாடகை பாக்கிக்காக வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை அவருக்கு இல்லை. கடனில் எடுத்த வண்டி என்றால் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயரும் இருக்கும். கேட்டைப் பூட்டினால் புகார் அவர் மேல்தான் திரும்பும். அட்வான்ஸ் மூன்று மாதம் என்றால், இரண்டாம் மாதம் தவறியதும் நோட்டீஸ் அனுப்பிவிட வேண்டும். மீதி ஒரு மாதம் நோட்டீஸ் காலத்துக்குச் சரியாக இருக்கும்.

வண்டியை விட்டுவிட்டு ஆளே வராமல் போனால், ஆர்.சி. முகவரிக்கு விரைவுத் தபாலில் நோட்டீஸ், பதில் இல்லையென்றால் அதன் நகலோடு காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் என்று போக வேண்டும். தெருவில் தள்ளி விடுவதும் பழைய இரும்புக்குப் போடுவதும் குற்ற வழக்கில் முடியும்.

ஒழுங்காக முடியும் கணக்கு இப்படி இருக்கும். ஷட்டர் ஷெட் வாடகை மாதம் 1,800, அட்வான்ஸ் 5,400, மாதக் கணக்கு 10-ஆம் தேதி முதல் 9 வரை என்று கொள்வோம். வாடகைதாரர் செப்டம்பர் 25 அன்று 30 நாள் நோட்டீஸ் கொடுக்கிறார், அக்டோபர் 25-இல் காலி செய்கிறார். அக்டோபர் 9 வரை வாடகை கட்டியாகிவிட்டது. மீதி அக்டோபர் 10 முதல் 25 வரை 16 நாள். அந்த மாதக் கணக்கில் 31 நாள், எனவே 1,800-ஐ 31-ஆல் வகுத்து 16-ஆல் பெருக்கினால் 929 ரூபாய். உள்ளே வந்தபோது இருந்த பக்கப் பூட்டு ஒன்று உடைந்திருக்கிறது, மாற்ற 350. திரும்ப வேண்டியது 4,121 ரூபாய்.

தரையில் எண்ணெய்க் கறை இருந்தால் அதற்குக் கழிக்கலாமா என்பது, வந்த நாளில் எடுத்த படத்தைப் பொறுத்தது. வண்டி ஏற்றும் முன் வெறும் தரை, நான்கு சுவர், ஷட்டரின் இரண்டு தூண்கள், தொட்டி மூடி ஆகியவற்றைத் தேதியோடு படமெடுத்து, இருவர் வாட்ஸாப்பிலும் போட்டுவிடுங்கள். காலி செய்யும் நாளில் அதே கோணத்தில் மறுபடி எடுத்து, சாவி எத்தனை திரும்பியது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சாவி திரும்பியதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால், ஷெட் காலியாக இருந்தாலும் வாடகை ஓடிக்கொண்டிருந்ததாக அவர் சொல்ல இடம் கிடைத்துவிடும்.